மாசம் 7,000 ரூபாய்க்கு எத்தனை போஸ்ட்? கடைக்கு இன்ஸ்டா பார்க்கிறவங்களுக்கு ஒரு காஸ்டிங் ஷீட்

திருப்பூர் பக்கம் வேலை பார்க்கிற, போன்ல நல்லா எடிட் பண்ணத் தெரிஞ்ச பலருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்திருக்கும். காதர்பேட்டையில டி-ஷர்ட் கடை வெச்சிருக்கிற தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், "தம்பி, நம்ம கடை இன்ஸ்டாவையும் நீங்களே பார்த்துக்கங்க. மாசம் எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்பார். நீங்களும் ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு, "ஒரு நாலாயிரம் குடுங்கண்ணா" என்று சொல்லிடுவீங்க.

அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் நண்பன் ஒருத்தன் வாங்குற தொகையா இருக்கும். இல்லைன்னா உங்க பைக் இஎம்ஐ-யா இருக்கும். எத்தனை போஸ்ட், எத்தனை மணி நேரம், என்ன செலவு என்கிற கணக்கு அதுல இருக்காது.

இதே நீங்க கம்பெனியில ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்லணும்னா இப்படிச் சொல்ல மாட்டீங்க. காஸ்டிங் ஷீட் போடுவீங்க. நூல் என்ன விலை, நிட்டிங் கிலோவுக்கு எவ்வளவு, டையிங் கிலோவுக்கு எவ்வளவு, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பீஸுக்கு எவ்வளவு, லேபிள், பாலி பேக், வேஸ்டேஜ், எல்லாத்துக்கும் மேல மார்ஜின். இவ்வளவையும் எழுதின பிறகுதான் பீஸ் விலை வரும். பிரிண்ட் இல்லாத பீஸுக்குச் சொன்ன விலையில யாரும் பிரிண்ட் போட்டுத் தர மாட்டாங்க. "பிரிண்ட் எக்ஸ்ட்ரா" என்று சொன்னா பையரும் கோவிச்சுக்க மாட்டார்.

கடைக்கு மாசாமாசம் சோஷியல் மீடியா பார்க்கிறதும் ஒரு ஜாப் ஒர்க்தான். வீடியோவுல முழுக் கணக்கையும் காட்ட நேரம் இருக்காது. அதனால இங்க ஒரே ஒரு கடையை எடுத்துக்கிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் காஸ்டிங் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல உங்க ஒரு மணி நேரத்தோட விலை

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். நீங்க ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசிங் அசிஸ்டென்ட். கையில வர்ற சம்பளம் 24,000 ரூபாய். மாசம் 26 நாள், ஒரு நாளைக்கு 9 மணி நேரம்னா மொத்தம் 234 மணி நேரம். வகுத்துப் பார்த்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 103 ரூபாய்.

இந்த 103-ஐ வெச்சு கடைக்கு விலை போட்டா நஷ்டம்தான். ஏன்னா நீங்க கொடுக்கப் போறது ராத்திரி 8 மணிக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும் மிச்சம் இருக்கிற நேரம். தொழிற்சாலையில ஓவர்டைம் பார்த்தா சாதாரணச் சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு கொடுக்கணும் என்பது 1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த கணக்கு. உங்க மிச்ச நேரத்துக்கும் அதே அளவுகோலை வெச்சுக்கங்க. ரெண்டு மடங்குன்னா 206. கணக்குக்கு வசதியா 200 ரூபாய்.

உங்க சம்பளம் வேறயா இருந்தா உங்க எண்ணைப் போட்டுக்கங்க. கணக்குப் போடுற முறை இதேதான்.

ஒரு போஸ்ட் என்றால் என்ன?

பலரும் "மாசம் 12 போஸ்ட்" என்று சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. தகராறு அங்கதான் ஆரம்பிக்கும். கடைக்காரர் மனசுல போஸ்ட்னா ரீலும் போஸ்ட்தான், ஸ்டோரியும் போஸ்ட்தான், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போஸ்ட்தான். "ரவுண்ட் நெக்" என்று மட்டும் சொல்லிட்டு ஜிஎஸ்எம் சொல்லாம ஆர்டர் எடுத்த மாதிரி. பையர் 180 ஜிஎஸ்எம் கேட்பார், நீங்க 140-க்கு விலை போட்டிருப்பீங்க.

அதனால மூணு விஷயத்தை அளந்து எழுதணும்.

முதலாவது படப் போஸ்ட். ஒரு போஸ்ட்டுக்கு அதிகபட்சம் 5 படம். கூடவே விலை, சைஸ், கடை இருக்கிற இடம், போன் நம்பரோட நாலஞ்சு வரி எழுத்து. படங்களைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் சரி பண்ணி, எழுதி முடிக்க 45 நிமிஷம்.

ரெண்டாவது ரீல். அதிகபட்சம் 30 செகண்ட். கடையில எடுத்த வீடியோவை வெட்டி, ஓட்டி, எழுத்துப் போட்டு, கவர் படம் வெச்சு முடிக்க 2 மணி நேரம். "சின்ன ரீல்தானே தம்பி" என்பாங்க. ஓடுறது 30 செகண்ட்தான், ஆனா அதுக்குப் பின்னாடி இவ்வளவு நேரம் இருக்கு.

மூணாவது ஷூட். மாசத்துக்கு ரெண்டு தடவை கடைக்குப் போறது, ஒவ்வொரு தடவையும் போக வர சேர்த்து 3 மணி நேரம். இதை நிறைய பேர் கணக்குலயே சேர்க்கிறதில்லை. ஆனா மாச வேலையில கிட்டத்தட்ட கால் பங்கு நேரம் இங்கதான் போகும்.

இந்த மூணையும் அளந்த பிறகு திருத்தத்தையும் அளக்கணும். ஒரு போஸ்ட்டுக்கு ஒரு தடவை திருத்தம். எல்லா மாத்தத்தையும் ஒரே மெசேஜ்ல சொல்லிடணும். விலையை நீங்க தப்பா டைப் பண்ணியிருந்தா அது உங்க வேலை, அதுக்குக் கணக்குக் கிடையாது. கடைக்காரர் சொன்ன விலையையே மறுபடி மாத்தச் சொன்னா அது திருத்தம். எடுத்த வீடியோவே வேண்டாம், வேற மாடலை வெச்சு எடுங்கன்னு சொன்னா அது திருத்தம் இல்லை, புது ரீல். இந்த மூணுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் மாசமே சொல்லிடுங்க. மூணாவது மாசம் சொன்னா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும்.

இப்போ ஷீட்டைப் போடுவோம்

நம்ம உதாரணக் கடைக்கு மாசம் 8 படப் போஸ்ட், 4 ரீல், 2 ஷூட்.

- 8 படப் போஸ்ட்: 6 மணி நேரம்
- 4 ரீல்: 8 மணி நேரம்
- 2 ஷூட்: 6 மணி நேரம்
- கடைக்காரர்கிட்ட ஓகே வாங்கறது, போடறது, போன் பேசறது: 3 மணி நேரம்
- மாச ரிப்போர்ட்: 2 மணி நேரம்

மொத்தம் 25 மணி நேரம். 200 ரூபாயால பெருக்கினா 5,000. துணியில வேஸ்டேஜ் போடுற மாதிரி, திருத்தத்துக்கு 10 சதவீதம், அதாவது இன்னும் ரெண்டரை மணி நேரம், 500 ரூபாய். பெட்ரோல், டேட்டா, எடிட்டிங் ஆப் சந்தா இதுக்கெல்லாம் ஒரு 500. ஆக அடக்கம் 6,000.

இது மேல 15 சதவீதம் மார்ஜின், 900 ரூபாய். மார்ஜின் எதுக்குன்னா, கூலியை ஏற்கெனவே எடுத்துக்கிட்டோம். ஒரு மாசம் பணம் வராம நின்னாலோ, போன் கீழ விழுந்து டிஸ்ப்ளே போனாலோ, அதைத் தாங்கறது இந்த 900-தான். மொத்தம் 6,900. சொல்ற விலை 7,000.

கடைக்காரர் "7,000 ஜாஸ்தியா இருக்குங்களே" என்பார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கலாம். அவர் பக்கம் நின்னு பாருங்க. ஒரு சில்லறை டி-ஷர்ட்டுக்கு அவருக்கு 40 ரூபாய் நிக்குதுன்னா, உங்க 7,000 வெளிய வரவே மாசம் 175 பீஸ் கூடுதலா விக்கணும். ஒரு நாளைக்கு ஏழு பீஸ் வரைக்கும். ரோட்டுமேல இருக்கிற கடைக்கு இது முடியலாம். சந்துக்குள்ள இருக்கிற சின்னக் கடைக்கு முதல் மாசமே முடியாது.

அந்த இடத்துல நீங்க விலையைக் குறைக்காதீங்க, வேலையைக் குறைங்க. 4 படப் போஸ்ட், 2 ரீல், 1 ஷூட்னு ஒரு சின்ன பேக்கேஜ் போடுங்க. போஸ்ட்டுக்கு 3 மணி நேரம், ரீலுக்கு 4, ஷூட்டுக்கு 3, மத்த பேச்சுவார்த்தைக்கு ஒன்றரை, ரிப்போர்ட்டுக்கு 1. மொத்தம் 12.5 மணி நேரம், 2,500 ரூபாய். திருத்தத்துக்கு 250, செலவுக்கு 300, மார்ஜின் சேர்த்தா 3,500. மணிக்கு 200 ரூபாய் என்கிற உங்க ரேட் மாறவே இல்லை. நாளைக்கு வியாபாரம் நல்லா போனா அவரே பெரிய பேக்கேஜுக்கு வருவார். ஆனா 7,000 ரூபாய் வேலையை 4,000-க்குக் கொடுத்துட்டு, பிறகு ஏத்துங்கன்னு கேட்டா ஏத்தவே மாட்டார்.

எழுதாம விட்டா என்ன ஆகும்?

சரி, 7,000 பேசியாச்சு. ஆனா எதெல்லாம் சேராதுன்னு எழுதலைன்னு வெச்சுக்குவோம். ஒரு சாதாரண மாசம் இப்படித்தான் போகும்.

இன்ஸ்டாவுல "விலை என்ன", "எக்ஸ்எல் இருக்கா", "கேரளாவுக்கு அனுப்புவீங்களா" என்று மெசேஜ் வரும். அக்கவுன்ட் உங்க போன்ல இருக்கறதால நீங்களே பதில் போட ஆரம்பிப்பீங்க. ஒரு நாளைக்கு 20 நிமிஷம்தான். ஆனா 30 நாளைக்கு 10 மணி நேரம். நடுவுல புது லாட் வந்துச்சுன்னு ஒருநாள் கூப்பிடுவார், அது 3 மணி நேரம். அதுல ரெண்டு ரீல் எக்ஸ்ட்ரா, 4 மணி நேரம். ரெண்டாவது திருத்தம், மூணாவது திருத்தம்னு இன்னொரு 4 மணி நேரம்.

மொத்தம் 21 மணி நேரம் கூடிடுச்சு. இருபத்தேழரை மணி நேரத்துல முடிய வேண்டிய வேலை நாற்பத்தெட்டரை மணி நேரம் ஆகுது. செலவு 500 போக கையில நிக்கிற 6,500-ஐ வகுத்தா, மணிக்கு 236 ரூபாயா இருந்தது 134 ரூபாயா இறங்கிடும்.

இதுவே நீங்க முதல்ல வாய்க்கு வந்த மாதிரி 4,000 சொல்லியிருந்தா? செலவு போக 3,500. மணிக்கு 72 ரூபாய். உங்க ஆபீஸ் சம்பளமே மணிக்கு 103. அதாவது தூக்கத்தையும் ஞாயித்துக்கிழமையையும் கொடுத்துட்டு, ஆபீஸ்ல கிடைக்கிறதை விடக் குறைவா சம்பாதிச்சிருக்கீங்க.

இது நடந்துக்கிட்டு இருக்கா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல் ரெண்டு மாசம் போன் நோட்ஸ்ல நேரத்தை மட்டும் எழுதிக்கிட்டு வாங்க. தேதி, என்ன வேலை, எத்தனை நிமிஷம். ஷீட்ல போட்ட நேரத்தை விட 20 சதவீதம் தாண்டிப் போனா, எங்கயோ ஒரு ஓட்டை இருக்குன்னு அர்த்தம். எந்த வரின்னு நோட்ஸே காட்டிடும்.

நூல் யாரோடது? சேராதவை எவை?

ஜாப் ஒர்க்ல ஒரு தெளிவு இருக்கு. நிட்டிங் பண்ற யூனிட் நூல் வாங்கறதில்லை. நூல் பார்ட்டியோடது, ஓட்டுற கூலி மட்டும்தான் யூனிட்டோடது. இங்க விளம்பரப் பணம்தான் நூல். பூஸ்ட் பண்ண 2,000 ரூபாய் போடணும்னா அது கடைக்காரர் கார்டுல இருந்தோ யுபிஐ-ல இருந்தோ நேராப் போகணும். அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற வரும், 2,000 ரூபாய் விளம்பரத்துக்கு 2,360 ஆகும். இதை முன்னாடியே சொல்லிடுங்க. "நான் போட்டுடறேன், அப்புறம் குடுங்கண்ணா" என்கிற பேச்சே வேண்டாம்.

மெசேஜுக்குப் பதில் சொல்றது சேராது. இது வெறும் நேரக் கணக்கு மட்டும் இல்லை. எந்த சைஸ் இருக்கு, டஜனுக்கு எவ்வளவு குறைப்பாங்க, லாரி ஆபீஸுக்கு எப்போ போடுவாங்க என்பது கடைக்குத்தான் தெரியும். நீங்க இருக்குன்னு சொல்லி, கடையில இல்லைன்னா கெட்ட பேரு கடைக்கு. நீங்களே பதில் சொல்லணும்னு அவர் வற்புறுத்தினா, 10 மணி நேரத்துக்கு மார்ஜினோட 2,300 ரூபாய் தனி.

தினசரி ஸ்டோரி சேராது. புது சரக்கு வந்ததும் கடைப் பையனே போன்ல எடுத்துப் போடட்டும். 24 மணி நேரத்துல மறையுற விஷயத்துக்கு உங்க எடிட்டிங் தேவையில்லை. எப்படிப் போடணும்னு முதல் ஷூட் அன்னைக்கே சொல்லிக் கொடுத்துடுங்க.

மாடல், போட்டோகிராபர், கூகுள் மேப்ஸ் லிஸ்டிங், வெப்சைட், பேனர் டிசைன் இது எதுவும் சேராது.

இன்னும் ரெண்டு விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் நிறைய வரும். பீஸ்ல வெளிநாட்டு பிராண்டோட லேபிளோ லோகோவோ இருக்கும். அதை பளிச்சுன்னு காட்டி, பிராண்ட் பேரைப் போட்டு ரீல் போட்டா, அந்த பிராண்ட் புகார் கொடுத்து போஸ்ட்டைத் தூக்க வைக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தா அக்கவுன்ட்டே போகலாம். அதனால லேபிள் தெரியுற மாதிரி போட மாட்டேன்னு எழுதிடுங்க.

இன்னொன்னு சினிமாப் பாட்டு. இன்ஸ்டாவுல பிசினஸ் அக்கவுன்ட்டா இருந்தா, தனிநபர் அக்கவுன்ட்டுக்குக் கிடைக்கிற பல பாட்டுகள் கிடைக்காது. வியாபாரத்துக்குன்னு அனுமதிச்ச இசைதான் பயன்படுத்த முடியும். "ட்ரெண்டிங் பாட்டு போடுங்க தம்பி" என்று மாசக் கடைசியில கேட்டு நிக்கறதை விட, முதல்லயே சொல்லிடறது நல்லது.

எக்ஸ்ட்ரா வேணும்னா முடியாதுன்னு சொல்லத் தேவையில்லை. ரேட் கையில இருந்தா போதும். நம்ம ஷீட்படி எக்ஸ்ட்ரா படப் போஸ்ட் 200, எக்ஸ்ட்ரா ரீல் 500, எக்ஸ்ட்ரா ஷூட் 750. தீபாவளிக்கு முன்னாடி பனியன் கம்பெனிகள்ல போனஸ் போடுற நேரத்துல கடைக்கு இது கண்டிப்பா தேவைப்படும். அப்போ ரேட் கார்டைப் பார்த்து அவரே முடிவு பண்ணட்டும்.

மாசக் காலண்டர் சர்ப்ளஸ் கடைக்கு ஒத்து வராது

யூடியூப்ல பார்த்துட்டு 30 நாளைக்கும் முன்கூட்டியே காலண்டர் போடுறவங்க உண்டு. சொந்த பிராண்ட் வெச்சிருக்கிற கடைக்கு அது சரி. சர்ப்ளஸ் லாட் நாலு நாள்ல காலி ஆகிடும். 20-ஆம் தேதி போடலாம்னு எடுத்து வெச்ச ரீல்ல இருக்கிற சரக்கு அப்போ கடையிலயே இருக்காது. பார்த்துட்டு வர்ற கஸ்டமர் வெறுங்கையோட போவார், அடுத்த ரீலை நம்ப மாட்டார்.

அதனால பாதியைத்தான் முன்கூட்டியே முடிவு பண்ணணும். கடைக்கு எப்படி வரணும், எந்த சைஸ் எந்த உடம்புக்கு, மொத்தமா எடுத்தா என்ன ரேட், துவைச்சா சாயம் போகுமா போகாதா, இதெல்லாம் எந்த மாசமும் பழசாகாத விஷயம். 8 போஸ்ட்ல 4, 4 ரீல்ல 2 இப்படி வெச்சுக்கங்க. மிச்சத்தைப் புது லாட் வர்ற அன்னைக்குன்னு காலியா விடுங்க. ரெண்டு ஷூட்ல ஒன்னு மாச ஆரம்பத்துல நிலையான தேதி, இன்னொன்னு லாட் வந்ததும் 48 மணி நேரத்துக்குள்ள.

லாட்டே வரலைன்னா? அந்தக் காலி போஸ்ட்டுகள் அடுத்த மாசம் 10-ஆம் தேதி வரைக்கும் செல்லும், அதுக்கு மேல சேராது. உங்களால தாமதம்னா முழுசா அடுத்த மாசம் சேர்த்துக் கொடுக்கணும். விதி ரெண்டு பக்கமும் வெட்டணும், அப்போதான் கடைக்காரர் ஒத்துப்பார்.

ரிப்போர்ட்: ஒரே பக்கம், அஞ்சு எண்

ரிப்போர்ட்னா 15 பக்கம் கலர் கிராஃப் இல்லை. கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவர் ரெண்டு நிமிஷத்துல படிக்கணும். வாட்ஸ்அப்ல ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு மாசமும் 1 முதல் கடைசித் தேதி வரைக்கும் எடுத்து, அடுத்த மாசம் 3-ஆம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க.

முதல் எண், சொன்னது எத்தனை, போட்டது எத்தனை. ரெண்டாவது, எத்தனை அக்கவுன்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூணாவது, எத்தனை பேர் கடையோட புரொபைலுக்குள்ள வந்து பார்த்தாங்க. நாலாவது, எத்தனை பேர் விலை கேட்டு மெசேஜ் பண்ணாங்க, இதைக் கடைதான் எண்ணிச் சொல்லணும். அஞ்சாவது எண் இன்ஸ்டாவுல கிடைக்காது, கல்லாவுல கிடைக்கும். பில் போடும்போது "எங்க பார்த்துட்டு வந்தீங்க?" என்று ஒரு கேள்வி. இன்ஸ்டான்னு சொன்னா நோட்டுல ஒரு கோடு. மாசக் கடைசியில கோடுகளை எண்ணினா போதும்.

இந்த அஞ்சாவது எண் இல்லாத ரிப்போர்ட்டால கடைக்காரருக்குப் பிரயோஜனம் இல்லை. உங்களுக்கும் ஆபத்து. "பார்க்கிறாங்க, ஆனா யாரும் வாங்கல" என்று அவர் சொன்னா, மறுத்துப் பேச கையில எதுவும் இருக்காது.

எண்களைச் சேர்த்து வெச்சுப் பார்த்தா காரணமும் தெரியும். நிறைய பேருக்குப் போயிருக்கு, புரொபைலுக்கு யாரும் வரலைன்னா, ரீல்ல கடை பேரும் இடமும் பதியலை. புரொபைல் வரைக்கும் வந்துட்டு மெசேஜ் வரலைன்னா, பெரும்பாலும் விலை போடலை. மெசேஜ் வருது, கோடு விழலைன்னா, பதில் லேட்டா போகுதா, சரக்கு தீர்ந்துடுச்சான்னு கடைப் பக்கம் பார்க்கணும். எந்த ஊர்க்காரங்க பார்க்கிறாங்கன்னும் இன்ஸ்டா காட்டும். சில்லறைக் கடைக்கு சென்னைக்காரங்க பார்த்து என்ன ஆகப் போகுது? அதுவே மொத்தக் கடைன்னா வெளியூர்ல இருந்து பார்க்கிறவங்கதான் வேணும். ஒரே எண்ணுக்கு ரெண்டு கடையில ரெண்டு அர்த்தம்.

ஃபாலோயர் எண்ணிக்கையையோ விற்பனையையோ மட்டும் வாக்குக் கொடுக்காதீங்க. சரக்கோட தரமும் விலையும் உங்க கையில இல்லை. நீங்க வாக்குக் கொடுக்கக் கூடியது போஸ்ட், தேதி, ரிப்போர்ட், இந்த மூணுதான்.

பணம் எப்போ, அக்கவுன்ட் யார்கிட்ட?

திருப்பூர்ல ஜாப் ஒர்க் பில்லு நிக்கறது புதுசில்லை. பார்ட்டிக்குப் பணம் வந்தாத்தான் உங்களுக்கும் வரும் என்கிற பழக்கம் ஊறிப் போயிருக்கு. ஒரு டையிங் யூனிட் அதைத் தாங்கும், சம்பளக்காரர் நீங்க தாங்க முடியாது. அதனால மாசத்துக்கு முன்பணம். 1 முதல் 5-ஆம் தேதிக்குள்ள வந்தா வேலை ஆரம்பம். 7-ஆம் தேதி வரைக்கும் வரலைன்னா புது போஸ்ட் நிக்கும். சண்டை எதுவும் வேண்டாம், 3-ஆம் தேதி அனுப்புற ரிப்போர்ட்டோட அடியிலேயே அடுத்த மாசத் தொகையையும் போட்டு விடுங்க. வேலையைப் பார்த்த சூட்டோட பணம் வரும்.

அக்கவுன்ட் கடைக்காரர் நம்பர்லயும் மெயில்லயும்தான் திறக்கணும். உங்களுக்கு மெட்டா பிசினஸ் சூட் வழியா அனுமதி மட்டும் வாங்கிக்கங்க, பாஸ்வேர்டு தேவையே இல்லை. நாளைக்கு நீங்க விலகினா அந்த அனுமதியை எடுத்துட்டாப் போதும். "என் அக்கவுன்ட்டைப் பிடிச்சு வெச்சுட்டான்" என்கிற பேச்சுக்கே இடம் இருக்காது. முதல்ல 3 மாசம் ஒப்பந்தம், அதுக்கு அப்புறம் யார் நிறுத்தினாலும் 30 நாள் முன்னாடி சொல்லணும்.

இவ்வளவையும் வக்கீல் பத்திரமா போட வேண்டாம். இந்த மாதிரி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். அவர்கிட்ட இருந்து "சரி" என்று ஒரு பதில் வாங்கிடுங்க:

"அண்ணா, பேசின மாதிரி மாசம் 7,000 ரூபாய், 5-ஆம் தேதிக்குள்ள முன்பணம். இதுல 8 படப் போஸ்ட் (5 படம் வரை), 4 ரீல் (30 செகண்ட் வரை), 2 தடவை கடைக்கு வந்து ஷூட், ஒவ்வொன்னுக்கும் ஒரு திருத்தம், 3-ஆம் தேதி ரிப்போர்ட் அடங்கும். விளம்பரப் பணம், மெசேஜுக்குப் பதில், ஸ்டோரி, மாடல், பேனர் சேராதுங்க. பிராண்ட் லேபிள் காட்டறதில்லை, பிசினஸ் அக்கவுன்ட்டுக்குக் கிடைக்கிற மியூசிக் மட்டும். எக்ஸ்ட்ரா போஸ்ட் 200, ரீல் 500, ஷூட் 750. நான் அனுப்பினதுக்கு 24 மணி நேரத்துல ஓகே சொல்லிடுங்கண்ணா, ஓகே இல்லாம எதையும் போட மாட்டேன். முதல் 3 மாசம் பார்ப்போம், அப்புறம் நிறுத்தணும்னா 30 நாள் முன்னாடி சொல்லிக்கலாம்."

வேலையில இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது

ஒரு கடைக்கு மாசம் இருபத்தேழரை மணி நேரம்னா, வாரத்துக்கு 6 மணி நேரத்துக்கு மேல. ரெண்டு கடை எடுத்தா 13 மணி நேரத்தைத் தொடும். ஷிப்மென்ட் நெருக்கடியில ஆபீஸ்லயே ராத்திரி 10 மணி ஆகிற வாரத்தையும் நினைச்சுக்கங்க. ரெண்டு கடைதான் எல்லை. மூணாவது அண்ணன் கேட்டா நண்பருக்குக் கைகாட்டி விடுங்க.

உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா எழுத்துல அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க. ஆபீஸ்ல பார்க்கிற பையர் சாம்பிள், இன்னும் ஷிப் ஆகாத ஸ்டைல், எதுவும் கடை ரீல்ல வரவே கூடாது. அதே ஸ்டைல் சர்ப்ளஸா வெளிய வந்திருந்தாலும், உங்க கையால போடாதீங்க.

வரிக் கணக்குல இந்தப் பணம் சம்பளம் கிடையாது, தொழில் வருமானம். அதனால ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது. ஐடிஆர்-3, இல்லைன்னா அனுமான வருமான முறையில காட்டினா ஐடிஆர்-4. ஜிஎஸ்டி பதிவு எல்லை சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம். ரெண்டு கடைக்கு வருஷம் 1,68,000 ரூபாய்தான் வரும், அதனால இந்த அளவுல அந்தக் கவலை வேண்டாம். பணத்தை யுபிஐ-ல தனி பேங்க் அக்கவுன்ட்டுக்கு வாங்கினா கணக்குப் போடறது சுலபம்.

அடுத்த தடவை யாராவது "மாசம் எவ்வளவுங்க தம்பி?" என்று கேட்டா, உடனே எண்ணைச் சொல்லாதீங்க. "கடையில மாசத்துக்கு எத்தனை தடவை புது லாட் வருதுங்கண்ணா? மெசேஜுக்கு யாருங்க பதில் சொல்வாங்க?" என்று முதல்ல இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. பதிலை எழுதிக்கங்க, ராத்திரி ஷீட்டைப் போடுங்க, காலையில விலையை அனுப்புங்க.